முகவரி தந்த 44 பேர்

மார்ச் மாத நடுப்பகுதியில் கொடிகாமத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் 60 துணிப்பைகள் அடுக்கிக் கிடந்தன. எங்களில் ஒருத்தியின் அம்மா தைத்தவை. நாங்கள் நாலு பேரும் அவவை அன்ரி எண்டுதான் கூப்பிடுறது. அந்த 60 பைக்கும் தையல் கூலி ஒரு பைக்கு 250 ரூபாப்படி 15,000 ரூபா குடுக்க வேண்டியிருந்தது. எங்கட கையில் இருந்ததும் கிட்டத்தட்ட அதே 15,000 ரூபாதான்.

அன்ரி ஒருநாளும் காசு கேக்கேல்லை. ஆனா எங்களுக்காக இரண்டு மூன்று சட்டைத் தையல்களைத் திருப்பி அனுப்பினவ எண்டது எங்களுக்குத் தெரியும். அதனால் அந்த வீட்டுக்குப் போகவே கூச்சமாக இருந்தது.

நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிற நாலு பேர். ஒருவன் பையில் படம் அச்சடிப்பான். ஒருவன் போட்டோ எடுத்துப் பேஜில் போடுவான். ஒருத்தி இன்பொக்ஸ் பார்ப்பாள். ஒருத்தி கணக்கு எழுதுவாள், காசும் அவளின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஒரு பையின் விலை 1,400 ரூபா, கூரியர் செலவு தனி. துணி, தையல், அச்சு எல்லாம் சேர்த்து எங்களுக்கு 820 ரூபா முடியும். மிச்சம் 580.

அன்றைக்குக் கன்ரீனில் இருந்து கதைச்சது கதை இல்லை, சண்டை. போட்டோ எடுக்கிறவன் சொன்னான், “இருக்கிற 15,000ஐயும் பூஸ்ட் பண்ணுவம். கனபேர் பாத்தால் கனபேர் வாங்குவினம்.” அச்சடிக்கிறவன் சொன்னான், “விலையைக் குறைப்பம். விலை சொன்னவுடன தானே சனம் ஓடுது.” பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து இன்பொக்ஸ் பாக்கிறவளைப் பிடித்துக்கொண்டார்கள். “நீ நேரத்துக்குப் பதில் போடுறேல்லை, அதுதான் பிரச்சினை.” அவள் ஒண்டும் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டாள்.

கணக்கு எழுதுறவள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். “எத்தனை பேர் கேட்டவை, எத்தனை பேர் வாங்கினவை எண்டு ஆருக்காவது தெரியுமா?” தெரியாது. கேட்டவர்கள் “நிறைய”, வாங்கினவர்கள் “கொஞ்சம்”. அவ்வளவுதான் எங்களிடம் இருந்த தரவு.

வியாபாரப் பாடங்களில் இதற்குப் புனல் எண்டு பேர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க விளம்பரக்காரர்கள், வாங்குகிறவர் ஒருவர் படிப்படியாகத்தான் வாங்கும் முடிவுக்கு வருகிறார் எண்டு எழுதத் தொடங்கினார்கள்: முதலில் கண்ணில் படும், பிறகு ஆர்வம் வரும், பிறகு விருப்பம், கடைசியில் செயல். மேலே அகலமாக நுழைகிற கூட்டம் கீழே ஒடுங்கி வருவதால் அந்த வடிவம் புனலானது. எங்களுக்கு அந்தப் பேர் அவ்வளவு ஒத்துவரவில்லை. மண்ணெண்ணெய் ஊத்திற புனலில் மேலே ஊத்தினது முழுக்கக் கீழே வந்துசேரும். நாங்கள் தேடினது அதை இல்லை. எங்களுக்கு விளங்கின படம் தோட்டத்து வாய்க்கால். கிணத்தடியில் மெசின் ஓடும், கடைசிப் பாத்திக்குத் தண்ணி வராது. அப்ப மெசினைக் கூட்டி ஓட விடுறேல்லை. வாய்க்கால் வழியே நடந்து, எந்த இடத்தில் எலி வளை இருக்கு எண்டு பாக்கிறது. பூஸ்ட் பண்ணுவம் எண்டது மெசினைக் கூட்டி விடுகிற யோசனை.

அதனால் நடந்து பார்ப்பது எண்டு முடிவெடுத்தோம்.

முதல் வேலை, படிகளை எழுதினது. இதில் ஒரு விதி வைத்தோம்: ஒரு படி எண்டால் அந்த ஆளோ நாங்களோ செய்த ஒரு காரியமாக இருக்க வேணும், இன்பொக்ஸில் அது கண்ணுக்குத் தெரிய வேணும். “ஆர்வம் வந்தது” எண்டதை எண்ணேலாது. “பச்சை நிறம் இருக்கா எண்டு கேட்டார்” எண்டதை எண்ணலாம். அப்படி ஆறு படிகள் வந்தன. ஆள் முதல் மெசேஜ் போட்டது. நாங்கள் விலையோடு பதில் போட்டது. விலை தெரிந்த பிறகும் ஆள் திரும்ப எழுதினது. எந்தப் பை எண்டு தெரிவு செய்தது. முகவரி தந்தது. காசு கட்டினது.

வட்ஸ்அப் பிசினஸில் Pending payment, Paid எண்டு லேபல்கள் இருக்கு. நாங்கள் அதையும் பாவித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனா லேபல், ஆள் இப்ப எங்கே நிற்கிறார் எண்டதை மட்டும்தான் காட்டும். எண்டைக்கு வந்தார், எந்தப் படியில் எவ்வளவு நேரம் நிண்டார் எண்டது அதில் இல்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது திகதிகள். எனவே ஒரு கூகிள் ஷீட் திறந்து, ஒரு ஆளுக்கு ஒரு வரி, ஒரு படிக்கு ஒரு நிரல், நிரலில் அது நடந்த திகதியும் நேரமும் எண்டு பழைய இன்பொக்ஸைத் தோண்டி நிரப்பினோம். இரண்டு இரவுகள் போயின. பேரை எழுதவில்லை, இலக்கம் மட்டும் போட்டோம். எந்தப் போஸ்ட்டைப் பார்த்து வந்தார் எண்டதையும் ஒரு நிரலில் எழுதினோம்.

எழுதத் தொடங்கினதும் முதல் சிக்கல் வந்தது. பெப்ரவரியில் 171 உரையாடல்கள் இருந்தன, ஆனா ஆக்கள் 160 தான். 11 பேர் பேஜிலும் கேட்டு வட்ஸ்அப்பிலும் கேட்டிருந்தார்கள். உரையாடலை எண்ணியிருந்தால் அந்த 11 பேரும் ஒரு தடவை வந்து மறைந்து போனதாகவும் கணக்கில் ஏறியிருப்பார்கள். இன்னும் மூன்று பேர் முகவரி தர முதலே வங்கிச் சிலிப்பை அனுப்பியிருந்தார்கள். ஒழுங்கு மாறினாலும் அவர்கள் இரண்டு படியையும் தாண்டினவர்கள்தான் எண்டு எழுதிக்கொண்டோம். இல்லாவிட்டால் கீழ்ப்படியில் மேற்படியை விடக் கூட ஆக்கள் நிற்கிற மாதிரி ஒரு விசர்க் கணக்கு வரும்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. வங்கிக் கணக்கைப் பார்த்தால் பெப்ரவரியில் காசு கட்டினவர்கள் 21 பேர். பெப்ரவரியில் கேட்டவர்கள் 160. 21ஐ 160ஆல் பிரித்து முடிந்தது எண்டு ஷீட்டை மூடப் பார்த்தோம். ஆனா அந்த 21 பேரில் 5 பேர் ஜனவரியில் விலை கேட்டவர்கள். அதேபோல பெப்ரவரி கடைசியில் கேட்ட 3 பேர் மார்ச் முதல் கிழமைதான் கட்டியிருந்தார்கள். அப்ப பெப்ரவரியில் கேட்ட 160 பேரில் கட்டினவர்கள் 19. இந்த வித்தியாசம் சின்னதுதான். ஆனா கேட்கிற ஆக்களின் தொகை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும்போது இது பெரிய பொய்யாக மாறும். ஒரு கூட்டத்தைப் பிடித்து, அதே கூட்டத்தின் பின்னாலேயே கடைசிவரை நடக்க வேணும். ஒவ்வொருவருக்கும் முதல் மெசேஜிலிருந்து 14 நாள் அவகாசம் எண்டு வைத்தோம். பெப்ரவரி 28இல் கேட்டவருக்கு மார்ச் 14 வரை. அதற்கு முதல் கணக்கை மூடினால், யோசித்துக்கொண்டு இருக்கிறவர்களையும் இழந்தவர்களாக எண்ணிவிடுவோம்.

ஷீட்டில் செய்த கணக்கு இவ்வளவுதான். G நிரல் முகவரி தந்த திகதி, I நிரல் காசு கட்டின திகதி. இரண்டாவது வரி, முகவரி தந்தவர்களில் காசு கட்டினவர்களின் வீதம்.

```
=COUNTA(G2:G161)
=COUNTA(I2:I161)/COUNTA(G2:G161)
```

வந்த எண்கள் இவை:

முதல் மெசேஜ் போட்டவர்கள் 160.
எங்கட பதில் கிடைத்தவர்கள் 152.
விலை தெரிந்த பிறகும் எழுதினவர்கள் 70.
பையைத் தெரிவு செய்தவர்கள் 52.
முகவரி தந்தவர்கள் 44.
காசு கட்டினவர்கள் 19.

முதலில் எல்லாரும் பார்த்தது இரண்டாவது வரியை. 160இல் 152. பதில் கிடைக்காமல் போனவர்கள் எட்டே எட்டுப் பேர், அந்த எட்டும் பேஜுக்கு வந்து வேறொரு பெட்டியில் கிடந்தவை. அந்தப் பெட்டி இருக்கு எண்டதே எங்கள் நாலு பேருக்கும் தெரியாது. இன்பொக்ஸ் பாக்கிறவளில் பிழை இல்லை. கன்ரீனில் அவளைப் பேசினதுக்கு அன்றைக்கே மன்னிப்புக் கேட்டோம். அவள் “சரி, விடுங்கோ” எண்டாள், ஆனா இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை.

பிறகு பார்த்தது பெரிய விழுக்காட்டை. 152 பேர் 70 ஆனது. விலை சொன்னவுடன் பாதிக்கு மேல் போய்விட்டது. அச்சடிக்கிறவன், “நான் சொன்னன் தானே, விலையைக் குறைக்க வேணும்” எண்டான். வீதத்தை மட்டும் பார்த்தால் அவன் சொன்னது சரி மாதிரித்தான் இருந்தது. அப்பதான் எங்கிருந்து வந்தார்கள் எண்ட நிரலைப் பிரித்துப் பார்த்தோம். பெப்ரவரியில் ஒரு போஸ்ட்டை 6,000 ரூபா குடுத்துப் பூஸ்ட் பண்ணியிருந்தோம். 152 பேரில் 90 பேர் அதைப் பார்த்து வந்தவர்கள். மற்ற 62 பேரும் தெரிந்தவர்கள் ஷெயார் பண்ணினதைப் பார்த்து வந்தவர்கள். விலை சொன்ன பிறகும் நிண்டவர்கள் பூஸ்ட் கூட்டத்தில் 27 பேர், ஷெயார் கூட்டத்தில் 43 பேர். அதாவது ஒரு கூட்டத்தில் நூற்றுக்கு 30, மற்றதில் நூற்றுக்கு 69. இரண்டுக்கும் ஒரே விலை, ஒரே பதில், ஒரே ஆள். மொத்தமாக வந்த 46 எண்ட எண் இந்த இரண்டு கூட்டத்தில் ஒண்டையும் சொல்லவில்லை.

பூஸ்ட் பண்ணின போஸ்ட்டில் விலை போடவில்லை. பைக்குள் என்ன கொள்ளும் எண்டும் இல்லை. வடிவான படம் மட்டும். கண்டவர்கள் விரல் நுனியில் “விலை?” எண்டு தட்டிவிட்டுப் போனார்கள். அவர்களை நாங்கள் இழக்கவில்லை, அவர்கள் வாங்க வரவே இல்லை. அந்த 90 பேரில் கடைசியில் காசு கட்டினவர்கள் 5 பேர். 6,000 ரூபாவை 5ஆல் பிரித்தால் ஒரு ஆளைக் கொண்டுவர 1,200 ரூபா. ஒரு பையில் எங்களுக்கு மிஞ்சுவது 580. பூஸ்ட்டால் வந்த ஒவ்வொரு விற்பனையிலும் 620 ரூபா நட்டப்பட்டிருந்தோம். அதே போஸ்ட்டுக்கு இன்னும் 15,000 போட இருந்தோம் எண்டதை நினைக்க வயித்தைக் கலக்கியது. அடுத்த நாளே அந்த 15,000ஐயும் அன்ரியிடம் குடுத்தோம்.

இந்த இடத்தில் நாங்கள் ஒண்டை விளங்கிக்கொண்டோம். அதிகம் பேர் விழுகிற படியும், அடைக்க வேண்டிய ஓட்டையும் ஒண்டாக இருக்க வேணும் எண்டில்லை. விலை கேட்டுவிட்டுப் போகிறவருக்காக எங்களுக்கு ஒரு நிமிடம் செலவு, அவருக்கும் ஒண்டுமில்லை. முகவரி தருகிறவர் வேறு. வீட்டு இலக்கம், ஒழுங்கை, போன் நம்பர் எல்லாம் எழுதி அனுப்புகிறவர் மனதில் பையை வாங்கி முடித்துவிட்டார். அப்படி 44 பேர் இருந்தார்கள். அவர்களில் 25 பேர் காசு கட்டவில்லை. இரண்டு கூட்டத்திலும் இந்தப் படி மோசம்: ஷெயார் கூட்டத்தில் 28 பேரில் 14, பூஸ்ட் கூட்டத்தில் 16 பேரில் 5.

வீதம் எங்கே எண்டு சொல்லும். ஏன் எண்டு சொல்லாது. அதுக்கு அந்த 44 உரையாடல்களையும் நாலு பேரும் சேர்ந்து இருந்து முதலிலிருந்து கடைசி வரை வாசித்தோம். சிலர் “பார்சல் வந்தாப்பிறகு காசு குடுக்கலாமா?” எண்டு கேட்டிருந்தார்கள். நாங்கள் ஏலாது எண்டிருந்தோம். சிலர் சம்பளம் வரட்டும் எண்டிருந்தார்கள். ஆனா பெரும்பாலானவற்றில் ஒரே காட்சி. முகவரி வரும். எங்கட பக்கமிருந்து “கணக்கு இலக்கம் அனுப்புறம்” எண்டு ஒரு பதில் போகும். பிறகு அமைதி. அடுத்த நாள் மத்தியானம் கணக்கு இலக்கம் போகும். அதுக்குப் பிறகு மற்றப் பக்கம் அமைதி.

H நிரலில் கணக்கு இலக்கம் அனுப்பின நேரத்தைப் போட்டோம். 44 பேரில் 22 பேருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் போயிருந்தது. அவர்களில் 15 பேர் கட்டியிருந்தார்கள். மற்ற 22 பேருக்குப் பிந்திப் போயிருந்தது. அவர்களில் கட்டினவர்கள் 4 பேர்.

15க்கும் 4க்கும் நடுவில் உள்ள இடைவெளி சின்னத் தொகையிலும் பெரியதுதான். எண்டாலும் ஒரு சந்தேகம் வந்தது. பிந்தின ஆக்கள் பெரும்பாலும் இரவில் எழுதினவர்கள். இரவில் சும்மா பொழுது போகாமல் ஓடர் பண்ணிவிட்டு விடிய மனம் மாறுகிற ஆக்களாக இருக்கலாமே? அப்படியெண்டால் குற்றம் எங்கட தாமதத்தில் இல்லை. அதனால் இரவில் எழுதியும் உடனே இலக்கம் கிடைத்தவர்களை மட்டும் தனியாக எடுத்தோம். 9 பேர். அவர்களில் 6 பேர் கட்டியிருந்தார்கள். இரவு ஆக்களிலும் உடனே அனுப்பினால் கட்டினார்கள்.

அப்ப கேள்வி எங்கட பக்கம் திரும்பியது. ஒரு கணக்கு இலக்கத்தை அனுப்ப ஏன் ஒருநாள்? இலக்கம் இன்பொக்ஸ் பாக்கிறவளிடம் இருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் கணக்கு எழுதுறவளிடம் கேட்க வேணும். அவள் பார்த்துவிட்டு அனுப்புவாள். “ஏன்டி, ஒரேயடியாக் குடுத்து வைச்சால் என்ன?” எண்டு கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்.

டிசம்பரில் பை வாங்கின ஒருத்தன், கணக்கில் இருந்த முழுப் பேரை வைத்து அவளைப் பேஸ்புக்கில் தேடிப் பிடித்திருக்கிறான். முதலில் “பை சுப்பர்” எண்டு மெசேஜ். பிறகு “ஹாய்”. பிறகு ஒவ்வொரு இரவும். அவள் புளொக் பண்ணினாள், இன்னொரு புரொபைலில் வந்தான். அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு ஆளின் புரொபைலையும் பார்த்து, இவர் பரவாயில்லை எண்டு தோன்றினால்தான் இலக்கத்தை விட்டாள். பகலில் வகுப்பு, இரவில் எங்களில் மூன்று பேருக்கும் தெரியாத ஒரு காவல் வேலை. “சொன்னால் நீங்கள் சிரிப்பியள் எண்டு நினைச்சன்” எண்டாள்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஷீட்டில் அந்த இடம் 44, 19 எண்டு இரண்டு எண்கள். அதுக்குள் இருந்தது இது. எண்ணாமல் இருந்திருந்தால் இந்தக் கதைக்கு நாங்கள் வந்தே இருக்க மாட்டோம், விலையைக் குறைத்துவிட்டு அன்ரியின் கூலியையும் குறைத்திருப்போம். அதேநேரம் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் “உடனே அனுப்பு” எண்டு அவளிடம் ஒரு விதியைப் போட்டிருப்போம். அவளும் அனுப்பியிருப்பாள், பயந்துகொண்டு.

மாற்றினது ஒண்டே ஒண்டு. காசு வருகிற கணக்கு அச்சடிக்கிறவனின் கணக்கானது. அந்த இலக்கத்தை வட்ஸ்அப் பிசினஸில் Quick replies எண்ட இடத்தில் சேமித்தோம். முகவரி வந்தவுடன் இன்பொக்ஸ் பாக்கிறவள் `/acc` எண்டு தட்டினால் கணக்கு இலக்கம், வங்கி, கிளை, கட்ட வேண்டிய தொகை, சிலிப் அனுப்ப வேண்டிய நம்பர் எல்லாம் ஒரே மெசேஜில் போகும். அவனின் கணக்கு இலக்கம் இன்றைக்கு வரை எத்தனையோ பேரிடம் போய்விட்டது. ஒருத்தரும் அவனைத் தேடிப் பிடித்து “ஹாய்” சொல்லவில்லை.

மார்ச் 15 தொடக்கம் ஏப்ரல் 11 வரை, பெப்ரவரி மாதிரியே 28 நாள், அடுத்த கூட்டத்தைப் பிடித்தோம். இந்த முறை பூஸ்ட் இல்லை. 14 நாள் பொறுத்து ஏப்ரல் 25இல் எண்ணினோம். கேட்டவர்கள் 80, எல்லாருக்கும் பதில் போயிருந்தது. விலைக்குப் பிறகும் எழுதினவர்கள் 54, தெரிவு செய்தவர்கள் 41, முகவரி தந்தவர்கள் 35, காசு கட்டினவர்கள் 25.

போட்டோ எடுக்கிறவன் உடனே போனில் தட்டிப் பார்த்தான். பெப்ரவரியில் 160க்கு 19, நூற்றுக்கு 12. இப்ப 80க்கு 25, நூற்றுக்கு 31. “இரண்டரை மடங்கு!” எண்டான். அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரவில்லைத்தான், ஆனா அது பிழையான கணக்கு. பூஸ்ட்டால் வந்த அந்த 90 பேர் இந்த முறை இல்லை. வாங்காத கூட்டத்தை வாசலில் நிறுத்திவிட்டால் உள்ளே வீதம் தானாக ஏறும், ஒரு பை கூட விற்காமலே ஏறும். நியாயமாகப் பார்த்தால் இந்த 80 பேரைப் பெப்ரவரியின் ஷெயார் கூட்டத்தோடு, அந்த 62 பேரோடு மட்டும்தான் ஒப்பிட வேணும். அங்கே 62க்கு 14, நூற்றுக்கு 23. அதிலிருந்து 31. ஏற்றம் இருக்கு, ஆனா இரண்டரை மடங்கு இல்லை.

அதிலும் இன்னொரு கேள்வி. சித்திரை வருசம் வந்தது, அதனால்தான் சனம் வாங்கினதோ? இதுக்குப் படிப்படியான வீதம் உதவியது. வருசத்துக்கு வாங்குகிற அவசரம் எண்டால் எல்லாப் படியும் ஏறியிருக்க வேணும். பார்த்தால், விலைக்குப் பிறகு நிண்டவர்கள் முன்பு நூற்றுக்கு 69, இப்ப 68. தெரிவு செய்தவர்கள் 77, இப்ப 76. முகவரி தந்தவர்கள் இரண்டிலும் 85. அசையாமல் நிண்ட மூன்று படிகள். அசைந்தது ஒரே படி, நாங்கள் கை வைத்த படி: முகவரி தந்தவர்களில் காசு கட்டினவர்கள் 28க்கு 14 ஆக இருந்தது 35க்கு 25 ஆனது. நூற்றுக்கு 50 இலிருந்து 71. பெப்ரவரியில் உடனே இலக்கம் கிடைத்த 22 பேரில் 15 பேர் கட்டினார்கள் எண்டு மேலே எழுதினோமே, அது நூற்றுக்கு 68. இப்ப எல்லாருக்கும் உடனே போகுது, வீதமும் அதுக்குக் கிட்ட வந்து நிற்குது. 62 பேர், 80 பேர் எண்ட சின்னத் தொகைகளில் எங்களுக்கு மிகவும் நம்பிக்கை தந்தது இந்தப் பொருத்தம்தான்.

எண்டாலும் இதைக் கல்லில் எழுத மாட்டோம். அந்த 50 எண்டது வெறும் 28 பேரில் வந்தது. அதில் மூன்று பேர் மனம் மாறியிருந்தால் அது 60ஐத் தாண்டியிருக்கும், முன்னேற்றம் பாதியாகச் சுருங்கியிருக்கும். எங்களைப் போல மாதத்துக்கு 30, 40 பேர் முகவரி தருகிற இடத்தில் நாலைந்து புள்ளி ஏறினது இறங்கினது எண்டு ஒவ்வொரு கிழமையும் கதைப்பது வீண். 30 பேரில் ஒரு ஆள் கூடினாலே மூன்று புள்ளிக்கு மேல் ஏறிவிடும். அதனால் இப்ப கிழமைக்கு ஒருக்கா நிரப்புகிறோம், மாதத்துக்கு ஒருக்காத்தான் பார்க்கிறோம். பெரிசாக ஏதும் விழுந்தால் வீதத்தைப் பற்றிக் கதைப்பதில்லை, அந்த உரையாடல்களைத் திறந்து வாசிக்கிறோம்.

விறாந்தையில் இப்ப 35 பைகள் இருக்கின்றன. உடனே இலக்கம் கிடைத்தும் கட்டாத 10 பேர் இந்த முறையும் இருக்கிறார்கள். அவர்களில் நாலு பேர் பார்சல் வந்த பிறகு காசு தருவதாகக் கேட்டவர்கள். அதை நாங்கள் இன்னும் தொடங்கவில்லை. தொடங்கினால் காசு கட்டுகிற படி வீட்டு வாசலுக்கு நகரும், ஆள் பார்சலை வேண்டாம் எண்டால் கூரியர் காசு எங்கட தலையில் விழும். அப்ப ஷீட்டில் இன்னொரு நிரல் வேணும்: திரும்பி வந்தவை. சோதினை முடிய ஒரு பத்துப் பார்சலுக்குப் பரீட்சித்துப் பார்க்க இருக்கிறோம்.

போன சனிக்கிழமை அன்ரி வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கும்போது அவ அந்த ஷீட்டைக் காட்டச் சொன்னா. போனில் காட்டினோம். வரி வரியாகக் கீழே தள்ளிப் பார்த்துவிட்டு, முகவரி நிரலில் திகதி இருந்து காசு நிரல் வெறுமையாகக் கிடந்த ஒரு இடத்தில் விரலை வைத்தா. “இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?” எண்டு கேட்டா.

எங்களுக்குத் தெரியவில்லை. இன்பொக்ஸ் பாக்கிறவள் போனை வாங்கி அந்த உரையாடலைத் தேடத் தொடங்கினாள்.